வெள்ளப் படம் தயார். ஆட்சியர் அலுவலகத்துக்கு அறிக்கையை எப்படி எழுதுவது?

கேள்வி: "எங்கள் கல்லூரிக் குழு செயற்கைக்கோள் படத்தை வைத்து 2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளத்துக்கு ஒரு வரைபடம் தயாரித்திருக்கிறது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் இரண்டு நாள் களத்துக்கும் போய் வந்தோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதை அறிக்கையாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். முறை, வரம்புகள், முடிவுகள் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் போதுமா? வரம்புகளை நிறைய எழுதினால் படத்தையே நம்ப மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது."

அந்தப் பயம் வேண்டாம். உங்கள் அறிக்கையை முதலில் புரட்டப் போகிறவர் பெரும்பாலும் பேரிடர் மேலாண்மைப் பிரிவின் வட்டாட்சியராக இருப்பார். அவர் முறையைப் படிக்க மாட்டார். தான் வேலை பார்த்த ஏதோ ஒரு ஊரைப் படத்தில் தேடுவார். அங்கே படம் தப்பாக இருந்து, ஏன் தப்பு என்று நீங்களும் எழுதாமல் விட்டிருந்தால் மற்ற ஊர்களையும் அவர் நம்ப மாட்டார். "இந்த ஊரில் படம் குறைத்துக் காட்டுகிறது, காரணம் இது" என்று அந்த ஊரின் வரியிலேயே எழுதியிருந்தால் மற்றதை நம்பிப் படிப்பார். அதனால் வரம்புகளை எத்தனை எழுதுவது என்பதைவிட எங்கே எழுதுவது என்பதுதான் முக்கியம். கடைசிப் பக்கத்தில் மொத்தமாகக் கொட்டினால் அதை யாரும் பார்ப்பதில்லை. எந்த எண்ணை எந்த வரம்பு பாதிக்கிறதோ, அந்த எண்ணின் பக்கத்தில் வையுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு தென் மாவட்டத்துக்கு இதே மாதிரி ஒரு படம் கொடுத்தேன். கூட்டத்தில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் எழுந்து, நான் நீல நிறம் பூசியிருந்த ஒரு செம்மணல் மேட்டைக் காட்டி, "சார், அது தேரி. அங்க தண்ணி நின்னா நாங்க கொண்டாடுவோம்" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அந்தப் படத்தில் மீதி இடங்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அதன் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

சரி, உங்கள் அறிக்கையின் முதல் பத்தியில் என்ன வர வேண்டும்? படம் எடுத்த தேதியும் மணியும். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. நீங்கள் பயன்படுத்தியது சென்டினல்-1 ரேடார் படமாகத்தான் இருக்கும். மேகம் மூடியிருக்கும்போது இலவசமாக எளிதில் கிடைப்பது அதுதான். அந்த வரிசையில் இரண்டு செயற்கைக்கோள்கள் இருந்தன. ஒன்று 2021 டிசம்பரில் பழுதாகிவிட்டதால், 2023-இல் ஒரே கோணத்தில் ஒரே இடத்தைத் திரும்பப் பார்க்க 12 நாள் ஆனது. அது கடக்கும் நேரமும் காலை ஆறு அல்லது மாலை ஆறு மணியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே உங்கள் படம் வெள்ளத்தின் உச்சத்தைப் பிடித்திருந்தால் அது தற்செயல். அது காட்டுவது அந்த ஒரு நிமிடத்தில் எங்கே தண்ணீர் நின்றுகொண்டிருந்தது என்பதை மட்டும்தான்.

ஆற்றோரத்து ஊர்களில் இரவில் வீட்டுக்குள் ஏறிய தண்ணீர், ஆறு இறங்கியதும் வடிந்துவிடும். கடைமடைப் பகுதியின் தாழ்ந்த வயல்களிலும் உப்பளங்களிலும் அது நாள்கணக்கில் நிற்கும். எனவே தாமதமாக எடுத்த ஒரு படம், அதிகம் அடிபட்ட ஊரை வெறுமையாகவும், மெதுவாக நிரம்பிய வயலை முழு நீலமாகவும் காட்டும். "வெள்ளப் பாதிப்புப் படம்" என்று தலைப்பு வைத்தால் அது பொய்யாகிவிடும். "இன்ன தேதி, இன்ன மணிக்குத் தேங்கியிருந்த நீர்" என்றே தலைப்பு வையுங்கள். தலைப்பு அழகாக இருக்காது, பரவாயில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் எப்போது அதிகபட்ச நீர் போனது என்பது நீர்வளத் துறையின் பதிவில் இருக்கும். அந்த நேரத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் படம் அதற்கு எத்தனை மணி நேரம் பிந்தியது என்று அடுத்த வரியில் எழுதிவிடுங்கள்.

முறையை விவரிக்க ஒரு பக்கம் போதும். ரேடார் சாய்வாக அலையை அனுப்புகிறது. அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடிபோல அதை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எங்கெல்லாம் புதிதாகக் கறுத்திருக்கிறதோ அதை வெள்ளம் என்கிறோம். இந்த அளவு அலுவலகத்துக்குப் போதும். ஆனால் எவ்வளவு கறுத்தால் வெள்ளம் என்று வெட்டினீர்கள் என்பதை எண்ணாக எழுதியாக வேண்டும். கல்லூரிக் குழுக்கள் அநேகமாக எல்லோரும் ஐ.நா.வின் யூ.என்-ஸ்பைடர் தளத்திலுள்ள கூகுள் எர்த் இன்ஜின் நிரலைத்தான் எடுக்கிறார்கள். அதன் மையக் கணக்கைச் சுருக்கினால் இந்த இரண்டு வரி:

```
var difference = after_filtered.divide(before_filtered);
var difference_binarized = difference.gt(1.25);
```

`COPERNICUS/S1_GRD` என்ற சென்டினல்-1 படத் தொகுப்பில், திரும்பி வந்த அலையின் வலிமையைக் காட்டும் மதிப்புகள் ஏற்கெனவே டெசிபலில் இருக்கின்றன. டெசிபலை டெசிபலால் வகுக்கும்போது 1.25 என்பது எல்லா நிலத்துக்கும் ஒரே அளவுகோலாக இருப்பதில்லை. முந்தைய மதிப்பு -8 இருந்த இடம் -10க்குக் கீழே இறங்கினாலே, அதாவது 2 டெசிபலுக்குச் சற்று மேல் குறைந்தாலே, வெள்ளமாகிவிடும். முந்தைய மதிப்பு -20 இருந்த இடம் -25க்கும் கீழே இறங்க வேண்டும். அதாவது முன்பு வெளிச்சமாகத் தெரிந்த தோப்பும் ஊரும் சிறிய மாற்றத்துக்கே சிக்கிக்கொள்ளும். ஏற்கெனவே ஈரமாக இருந்த வயலோ எளிதில் தப்பிவிடும். நிரலை எழுதியவர்களே அந்த 1.25-ஐ இடத்துக்கேற்ப மாற்றச் சொல்கிறார்கள். மாற்றாமல் அப்படியே ஓட்டியிருந்தால் அதை ஒளிக்காதீர்கள். முடிந்தால் வகுத்தலுக்குப் பதில் கழித்தலை வைத்து இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு முறையிலும் வெள்ளம் என்று வந்த இடங்களை அழுத்தமான நிறத்திலும், ஒன்றில் மட்டும் வந்ததை வெளிர் நிறத்திலும் காட்டுங்கள். உறுதியையும் ஐயத்தையும் பிரித்துக் காட்ட, எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

அப்புறம் உங்கள் பகுதிக்கே உரிய ஏமாற்றுகள். தேரியைச் சொன்னேன். உலர்ந்த மணல் அலையைத் திருப்பி அனுப்புவதில்லை, அதனால் நீர்போலவே கறுப்பாகத் தெரியும். வெள்ளப் படம் ஒன்றை மட்டும் வைத்து வெட்டினால் சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடு ஏரியாகிவிடும். முன்பும் பின்பும் ஒப்பிட்டால் இரண்டிலும் கறுப்பு என்பதால் தானாகவே விலகிவிடும். உப்பளம் இப்படி எளிதில் விலகாது. பாத்தியில் நீர் இருப்பது அங்கே வேலையின் ஒரு பகுதி. மழையில் அது பெருகினாலும் வேறு மாதிரி சேதம்தான். அதைத் தனி வகையாகப் பிரித்து, ஊர்க் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

நெல் வயல்தான் உண்மையில் சிக்கலானது. டிசம்பரில் தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் நிற்கும். ஒப்பிட எடுத்த முந்தைய படம் அக்டோபரில் காய்ந்து கிடந்த வயலாக இருந்தால், நடவுக்கு நீர் கட்டியதே வெள்ளமாக வந்துவிடும். நடவு முடிந்த சமயத்தின் படமாக இருந்தால், இடைப்பட்ட நாளில் பயிர் வளர்ந்திருக்கும். பயிரின் தலை வெளியே தெரிய, அடியில் வெள்ளம் நின்றால் ரேடார் அலை தண்டிலும் நீரிலும் பட்டுத் திரும்பி வந்து படம் கறுப்பதற்குப் பதில் வெளுத்துப் போகும். அங்கே வெள்ளம் இருந்தும் படத்தில் இருக்காது. முந்தைய படத்தின் தேதியை அறிக்கையில் எழுதச் சொல்வது இதற்காகத்தான். அடங்கல் கணக்கு வைத்திருக்கிற கிராம நிர்வாக அலுவலரிடம் ஐந்து நிமிடம் பேசினால் எந்த வயல்வெளியில் எப்போது நடவு என்று சொல்லிவிடுவார்.

குளங்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். முந்தைய படத்தில் பாதி நிரம்பியிருந்த குளம் வெள்ளத்துக்குப் பிறகு முழுதாக நிரம்பியிருக்கும். இடையிலுள்ள வளையம் முழுவதையும் நிரல் வெள்ளம் என்றே சொல்லும். ஆனால் குளத்துக்குள் தண்ணீர் வருவது வெள்ளமல்லவே. நிரந்தர நீர்நிலைகளை நீக்கும் உலக அளவிலான தரவு இதற்கு உதவாது. ஆண்டில் சில மாதம் மட்டும் நிறைகிற நம் குளங்களை அது நிரந்தரம் என்று எண்ணுவதில்லை. நீர்வளத் துறையிடம் குளத்தின் முழுக் கொள்ளளவு எல்லையை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வருவாய்ப் பதிவில் குளம் புறம்போக்காக உள்ள புல எண்களைச் சேர்த்து எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் விழும் எதையும் வெள்ளப் பரப்பில் சேர்க்காதீர்கள். இதைச் செய்யாத படங்களில் பாதி நீலம் குளமாகத்தான் இருக்கும்.

இதன் மறுபக்கத்தைப் பலரும் தேடுவதே இல்லை. முன்பு நீர் இருந்து, வெள்ளத்துக்குப் பிறகு நீர் இல்லாமல் போன இடங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அவ்வளவு மழைக்குப் பின் ஒரு குளம் சுருங்கியிருக்கிறது என்றால் அநேகமாகக் கரை உடைந்திருக்கிறது. அந்த வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன. உங்கள் படத்தில் அப்படி இடங்கள் வந்தால் கரைக்குக் கீழே நீலம் எந்தப் பக்கம் விரிகிறது என்று பாருங்கள், மறுகால் வழியாகப் போன நீரா, உடைப்பில் போன நீரா என்று ஓரளவு தெரியும். அதிகாரிக்கு உங்கள் மொத்த ஏக்கர் கணக்கைவிட இந்தச் சின்னப் பட்டியல் உதவும். ஆனால் "உடைந்தது" என்று எழுத வேண்டாம், "உடைந்திருக்கலாம், நேரில் பார்க்கவும்" என்று எழுதுங்கள். காற்றில் அலையடிக்கிற நீர்ப்பரப்பும், ஆகாயத்தாமரை மூடிய குளமும் படத்தில் நீராகத் தெரியாது.

ஊருக்குள் வந்தால் ரேடார் கைவிட்டுவிடும். தெருவில் நிற்கும் நீரும் சுவரும் சேர்ந்து அலையை அப்படியே திருப்பி அனுப்புவதால் ஏரல் மாதிரி நெருக்கமான கடைத்தெரு, வெள்ளத்தில் இருக்கும்போதும் படத்தில் பளிச்சென்றே இருக்கும். ஆகவே ஊர்ப் பகுதிக்குப் படத்திலிருந்து வந்த எண்ணைக் கொடுக்கவே கூடாது. "0 ஏக்கர்" என்று ஒரு வரி அச்சாகிவிட்டால் அது எங்கெங்கோ போகும். "செயற்கைக்கோள் முறையில் கணக்கிட இயலாது, களப் பதிவைப் பார்க்கவும்" என்று எழுதுங்கள்.

உங்கள் இரண்டு நாள் களப்பணி மதிப்புப் பெறுவது இங்கேதான். சுவரில் தெரியும் கறை எப்போதும் உச்சமட்டம் அல்ல. தண்ணீர் அதிக நேரம் அசையாமல் நின்ற மட்டத்தில்தான் கறை அழுத்தமாக விழும். உச்சத்தில் அது அரை மணி நேரம்தான் இருந்திருக்கும், மேலே மங்கலாக ஒரு கோடு, ஜன்னல் கம்பியில் சிக்கிய வைக்கோல், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு அளவு எடுங்கள்: அழுத்தமான கறை, வீட்டுக்காரர் கைவைத்துக் காட்டும் உயரம். இரண்டையும் தரையிலிருந்து டேப்பில் அளந்து, எந்தத் தரை என்றும் குறியுங்கள். திண்ணையா, உள்தரையா, தெருவா என்று எழுதாத அளவைப் பிறகு யாராலும் பயன்படுத்த முடியாது. "எவ்வளவு ஏறியது?" என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். "அரிசி மூட்டையை எங்கே தூக்கி வைத்தீர்கள், அது நனைந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பு மேடை நனைந்தது, அதற்கு மேலிருந்த ஸ்விட்ச் போர்டு நனையவில்லை என்றால் உச்சமட்டம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் இதே மாதிரி கேட்டால் ஒரு சாண் இடைவெளிக்குள் வந்துவிடலாம்.

உயரத்தைக் கடல் மட்டத்துக்கு மாற்றும்போது ஒரு பெரிய குழி இருக்கிறது. ஜி.பி.எஸ். கருவி அடிப்படையில் கொடுப்பது ஒரு கணித நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். இந்தியாவின் தென்முனைப் பக்கம் உண்மையான கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு 90 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கிறது. ஆகவே திருத்தாமல் விட்டால் கடற்கரை ஊரின் உயரம் மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம் என்று வரும். அப்படி வந்தால் நல்லது, தப்பு என்று கண்ணிலேயே தெரிந்துவிடும். சில கைபேசிச் செயலிகள் தாமாகத் திருத்திவிடும், சில திருத்தாது, இரண்டு பேரின் அளவுகளை ஒரே அட்டவணையில் கலந்தால்தான் குழப்பம். திருத்தினாலும் கைபேசியின் உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கும், முழங்கால் அளவுத் தண்ணீருக்கு அது உதவாது. டம்பி லெவல் கருவி வைத்து அருகிலுள்ள மட்டக் குறியிலிருந்து கொண்டுவர முடிந்தால் செய்யுங்கள். பெரிய தப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் கீழே எழுதியிருக்கும் உயரம் கைகொடுக்கும். முடியாவிட்டால் கடல் மட்டக் கணக்கே வேண்டாம், "உள்தரைக்கு மேல் இத்தனை செ.மீ." என்பதே போதும். இலவசமாகக் கிடைக்கும் உயர மாதிரிகளிலிருந்து ஆழப்படம் செய்து சேர்க்கும் ஆசை வரும். இந்தத் தட்டையான பகுதியில் அவற்றின் பிழையே வெள்ளத்தின் ஆழத்தைவிடப் பெரிது. நான் சேர்க்க மாட்டேன்.

படம் எவ்வளவு சரி என்று ஒரு சதவீதம் கேட்பார்கள். இங்கே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் புரிவதற்காக நான் வைத்தவை. 100 இடங்களில் சரிபார்த்தீர்கள் என்று வைப்போம். படம் வெள்ளம் என்று சொன்னவை 40, அதில் 34 இடத்தில் உண்மையிலேயே வெள்ளம் இருந்தது. படம் வெள்ளமில்லை என்று சொன்னவை 60, அதில் 42 இடத்தில் இல்லை, 18 இடத்தில் இருந்தது. மொத்தம் 76 சரி. "துல்லியம் 76%" என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதற்குள் இரண்டு வேறு செய்திகள் இருக்கின்றன. படம் நீலம் என்று சொன்னால் நூற்றுக்கு 85 நம்பலாம். படம் காலி என்று சொன்னதை அப்படி நம்ப முடியாது, ஏனென்றால் உண்மையில் வெள்ளம் வந்த 52 இடங்களில் 18 இடத்தை, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அது தவறவிட்டிருக்கிறது. அந்த 18-இல் 15 ஊர்த் தெருக்கள் என்றால் வயல்வெளிக்குப் படம் நல்ல படம்தான். இதை நான்கு வாக்கியத்தில் எழுதினால் அதிகாரிக்குப் புரியும். இன்னொன்று, இந்த 100 இடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். வெள்ளம் வந்த இடங்களுக்கு மட்டும் போய் "ஆமாம், வந்தது" என்று குறித்துவிட்டு வருவது எல்லாக் குழுவும் செய்கிற தப்பு. படத்தில் காலியாக உள்ள இடங்களிலும் பாதி நாளாவது சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை என்றால், தவறவிட்டது எவ்வளவு என்று தெரியாது என்றே எழுதிவிடுங்கள்.

கடைசியாகப் புல எண் விஷயம். படம் கையில் கிடைத்ததும், எந்தப் புல எண்ணில் வெள்ளம் என்று கேட்பார்கள், நிவாரணப் பட்டியலுக்காக. அதற்கு இந்தப் படம் ஆகாது. 10 மீட்டர் என்பது கட்டத்தின் அளவுதான், ரேடார் உண்மையில் பிரித்துப் பார்ப்பது சுமார் 20க்கு 22 மீட்டர், அதாவது 11 சென்ட். 20 சென்ட் வயலில் அப்படி இரண்டு பார்வைகூட முழுதாக விழாது. கிராம வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தும்போது வரும் நகர்வு வேறு. அதோடு, நிவாரணத்துக்குப் பயிரில் குறைந்தது 33 சதவீதமாவது சேதம் இருக்க வேண்டும். நீர் நின்றதைப் படம் சொல்லும், பயிர் அழுகியதைச் சொல்லாது. அதை வருவாய்த் துறையும் வேளாண் துறையும் வயலில் இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். "தனிப்பட்ட புல எண்ணுக்கு நிவாரணம் வழங்கவோ மறுக்கவோ இப்படத்தைப் பயன்படுத்த இயலாது" என்ற வரி முதல் பக்கத்திலும் படத்தின் அடியிலும் இருக்கட்டும். வெள்ளம் பட்டும் படத்தில் வராத ஒரு விவசாயியிடம் இந்தத் தாளைக் காட்டி மறுத்துவிடக் கூடாது, அதற்காகத்தான். நீங்கள் கொடுக்க வேண்டியது வருவாய்க் கிராம வாரியான பரப்பு, அதையும் தசமத்தில் கொடுக்காமல் முழு எண்ணாக்கிக் கொடுங்கள். எத்தனை கன அடி போனது, அணைக்கட்டு தாங்குமா என்பதெல்லாம் நீரியல் பொறியாளர் வேலை, என் வேலையும் இல்லை, இந்தப் படத்தின் வேலையும் இல்லை.

மொத்தமாக எட்டுப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் தேதி, மணி, மூன்று முடிவுகள், அந்த ஒரு எச்சரிக்கை. அடுத்து கிராம வாரி அட்டவணை, அதன் கடைசிப் பத்தியில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குறிப்பு: "பிசானம் நடவு நீர் கலந்திருக்கலாம்", "குளத்தின் எல்லை கிடைக்கவில்லை", "ஊர்ப் பகுதி சேர்க்கப்படவில்லை". முறை அதற்குப் பின்னால் வரட்டும். கறை அளவுகள் இணைப்பாகப் போகட்டும், வீட்டுக்காரர் பெயரும் கைபேசி எண்ணும் இல்லாமல். படத்தை ஏ3 தாளில், ஊர்ப் பெயர்களைத் தமிழில் போட்டு அச்சிடுங்கள். கேஎம்எல் கோப்பாகவும் கொடுத்தால் கிராம நிர்வாக அலுவலர் தன் கைபேசியில் கூகுள் எர்த்தில் திறந்துகொண்டு வயல் வரப்பில் நின்றபடியே பார்ப்பார். அச்சடிக்கும் முன் ஒரு முறை அந்தக் கோப்பை அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருங்கள். தேரியில் தண்ணீர் நிற்கிறதா என்று அவர் அப்போதே சொல்லிவிடுவார்.